இடுப்பெலும்பு முறிவுக்காகச் சேர்க்கப்பட்ட முதியவருடன் தங்கும் உறவினர்களுக்கு

எங்கள் வார்டில் சேரும் முதியவர்களில் பலருக்கு, அறுவை சிகிச்சைக்கு முன்போ அதை அடுத்த சில நாட்களிலோ திடீர் மனக்குழப்பம் ஏற்படுகிறது. டெலிரியம் எனப்படும் இது பைத்தியமும் அல்ல, வயதின் இயல்பும் அல்ல. நோய்த்தொற்று, வலி, நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் குறைதல், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், சில மருந்துகள் ஆகியவற்றால் மூளை தடுமாறுவதே ஆகும். காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

மறதிநோய் மாதக்கணக்கில் மெல்ல வருவது. டெலிரியமோ சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ வந்து, காலையில் தெளிவாகப் பேசியவரை இரவில் மகளையே யாரென்று கேட்க வைக்கும். சிலர் சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொல்வார்கள், டிரிப்ஸ் குழாயைப் பிடுங்குவார்கள். இவர்களை யாரும் கவனிக்கத் தவறுவதில்லை. சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டே கண் சொருகி, கேட்ட கேள்விக்குப் பாதியில் பதிலை விட்டுவிடுபவரைத்தான், “பாவம், அசதியில் தூங்குகிறார்” என்று விட்டுவிடுகிறோம். ஐயம் இருந்தால், சனிக்கிழமையிலிருந்து கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். போன வாரம் தடங்கலின்றிச் சொல்லியிருக்கக்கூடியவர் இன்று வியாழனோடு நின்றுவிட்டால், உடனே டியூட்டி செவிலியரிடம் தெரிவியுங்கள். அவருடைய வழக்கமான நிலை உங்களுக்குத்தான் தெரியும் என்பதால், “இவர் இப்படிப் பேசுபவர் அல்ல” என்ற உங்கள் ஒரு சொல்லே எங்களுக்குப் பெரிய தகவல்.

வராமல் தடுக்க, மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் ஆகியவற்றை முதல் நாளே கொண்டுவாருங்கள். அலமாரியில் பத்திரமாக வைத்தால் பயனில்லை, அவர் அணிந்திருக்க வேண்டும். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார், ஏன் இருக்கிறார் என்பதைப் பேச்சுவாக்கில் நினைவூட்டுங்கள். பகலில் ஜன்னல் திரையை விலக்குங்கள். இரவில் விளக்கையும் கைபேசிச் சத்தத்தையும் குறையுங்கள். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்படாதவருக்கு அடிக்கடி சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். பிசியோதெரபிஸ்ட் அனுமதித்ததும் நாற்காலியில் உட்கார வைக்க உதவுங்கள். வீட்டிலிருந்து தூக்க மாத்திரையோ சளி மருந்தோ கொண்டுவந்து கொடுக்காதீர்கள். தினமும் மது அருந்தும் பழக்கம் இருந்தால், கூச்சப்படாமல் தனியாகவேனும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மது திடீரென நிற்பதாலும் ஆபத்தான குழப்பம் வரும்.

குழப்பம் வந்துவிட்டால் வாதாடாதீர்கள். எறும்பு இருப்பதாகச் சொன்னால், “எனக்குத் தெரியவில்லை, ஆனால் நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்” என்று மெதுவாகச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வது போதும். நாலைந்து பேர் கட்டிலைச் சூழ்ந்து நிற்பதும், கையைத் துணியால் கட்டுவதும் பதற்றத்தைக் கூட்டும். இரவில் பழகிய முகம் ஒன்று உடன் இருக்கும்படி முறை வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய பிறகும் சில வாரங்களுக்குக் குழப்பம் மிச்சமிருக்கலாம். தையல் பிரிக்க வரும்போது அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.