தன்னார்வலர் சான்றிதழ்

வயது வந்தோர் எழுத்தறிவு வகுப்பு
2023 நவம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை

இச்சான்றிதழின் தலைப்பில் பெயர் எழுதப்பட்டிருக்கும் தன்னார்வலர், எங்கள் மாலை நேர எழுத்தறிவு மையத்தில், பள்ளிக்கே போக வாய்க்காத பெரியவர்களுக்கும் பாதியில் படிப்பை விட்டவர்களுக்கும் தமிழில் எழுதப் படிக்கவும் அன்றாடக் கணக்குப் போடவும் கற்றுத்தரும் பணியில், ஊதியம் எதுவும் பெறாமல் ஈடுபட்டு, கடைசி வகுப்பு வரை இருந்து நிறைவு செய்தார் என்று மகிழ்ச்சியோடு சான்றளிக்கிறோம்.

வாரத்துக்கு 3 மாலை, ஒரு மாலைக்கு ஒன்றரை மணி நேரம், 40 வாரம். ஆக 120 வகுப்பு, 180 மணி நேரம். இதில் 100 வகுப்புக்குக் குறையாமல் வந்தவர்களுக்கு மட்டுமே இது வழங்கப்படுகிறது. வகுப்பு தொடங்கும் முன் நடந்த 2 நாள் பயிற்சி இந்தக் கணக்கில் சேரவில்லை. பாடம் தயாரிக்க வீட்டில் செலவழித்த நேரத்தை எழுத எங்களிடம் பதிவேடு இல்லை.

உலக எழுத்தறிவு நாளான 2024 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை மாலை, மையத்தில் படித்தவர்கள் முன்னிலையில் வழங்கப்பட்டது.

கையொப்பம்: மைய ஒருங்கிணைப்பாளர், பயிற்றுநர், படித்தவர்கள் சார்பில் ஒருவர்.

பெயரை எழுதியவர்

மேலே இருக்கும் உங்கள் பெயர் அச்சில் வரவில்லை. உங்களிடம் படித்தவர்களில் ஒருவர் தம் கையால் எழுதினார். எழுதுவதற்கு முன் பழைய நோட்டின் பின்பக்கத்தில் பலமுறை எழுதிப் பார்த்தார். ஒரு பெயர் கோட்டை விட்டு மேலே ஏறியிருக்கலாம், இன்னொன்றில் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கலாம். போன வருடம் இதே கை பதிவேட்டில் மையைத் தொட்டு விரலை உருட்டியது. நீங்கள் வேலை செய்தீர்கள் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான முத்திரை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

தன்னார்வலர்கள் 14 பேருக்கும் ஒரே வாசகம்தான். சிறந்த தன்னார்வலர், இரண்டாம் பரிசு என்றெல்லாம் பிரிக்கவில்லை. படித்தவர்களுக்கே மதிப்பெண் போடாத வகுப்பில், சொல்லிக்கொடுத்தவர்களுக்கு மட்டும் தரவரிசை எதற்கு?

நீங்கள் செய்தது

"அயராது உழைத்தார்" என்று எழுதிவிட்டால் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் பத்து வருடம் கழித்து இதை எடுத்துப் பார்க்கும்போது உங்களுக்கே எதுவும் நினைவுக்கு வராது. அதனால் நடந்ததை எழுதி வைக்கிறோம்.

முதல் நாள், தமிழில் 247 எழுத்து என்று யாரோ சொன்னதும் பின்வரிசையில் ஒருவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். நீங்கள் அவரை உட்கார வைத்து, உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, மீதி 216ம் உயிரும் மெய்யும் சேர்வதால் வருபவை என்று பிரித்துக் காட்டினீர்கள். அப்புறம் அ, ஆ என்று தொடங்காமல் ட, ப, ம என்று தொடங்கினீர்கள். ட எழுத இரண்டு கோடு போதும். அதோடு இன்னொரு கோடு சேர்ந்தால் ப. அன்றைக்கே படம், பட்டம், மடம் என்று மூன்று சொல் வாசித்துவிட்டுப் போனார்கள். செருப்பைத் தேடியவர் மறுநாளும் வந்தார்.

உகர, ஊகார வரிசைதான் உங்கள் பொறுமையைச் சோதித்தது. ஆகாரத்துக்குக் கால், இகரத்துக்கு மேலே ஒரு வளைவு என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பாடம், கு, சு, டு, து என்று வந்ததும் ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு விதமாக வளைந்து நின்றது. அதற்கு இரண்டு வாரம் என்று திட்டத்தில் போட்டிருந்தோம், ஐந்து வாரம் ஆயிற்று. திட்டம் போட்டவர்கள் நாங்கள், தப்பு எங்கள்மேல்தான். பிறகு கொம்பு வந்தது. "கொ என்று சொல்லும்போது வாயில் க முதலில் வருது, எழுதும்போது மட்டும் ஏன் கொம்பு முன்னால போய் நிக்குது?" என்று ஒருவர் கேட்டார். எங்கள் பயிற்சிக் கையேட்டில் இதற்குப் பதில் இல்லை. "வீட்டுக்கு வர்றவங்களுக்கு முன்னால அவங்க குடை தெரியுற மாதிரி" என்று உங்களில் ஒருவர் சொல்லிச் சமாளித்தார். இலக்கணப்படி அது விளக்கமே இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் கொம்பைப் பின்னால் போடவில்லை.

சின்ன வயதில் ஓரிரு வருடம் பள்ளிக்குப் போனவர்கள் வேறு விதமாகத் திணறினார்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் படித்த ஒருவர், லை எழுதும்போது மேலே தும்பிக்கை போட்டே எழுதினார். மற்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் அதை அடிக்காமல், பக்கத்தில் இப்போதைய லை எழுதி, "உங்களுக்கு இரண்டும் தெரியும், இவர்களுக்கு ஒன்றுதான் தெரியும்" என்றீர்கள். அவர் அன்றிலிருந்து முன்வரிசைக்கு வந்துவிட்டார்.

பலருக்குப் படிப்பு வராததற்குக் காரணம் மூளை இல்லை, கண் என்பதையும் நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்குவது இயல்பு. தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு "எனக்கு ஏறாது, விட்டுடுங்க" என்றவர்களிடம், உங்களில் ஒருவர் தம் அம்மாவின் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஏறியது. அதன் பிறகே எழுத்துப் பயிற்சிக்கு முன் கண் பரிசோதனை என்று ஏற்பாடு செய்தோம். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

பலகையின் முன் நின்றவர்களை மட்டும் இச்சான்றிதழ் குறிக்கவில்லை. அம்மாக்கள் படிக்கும்போது அவர்கள் குழந்தைகளைத் திண்ணையில் வைத்துச் சமாளித்தவர், பெரிய எழுத்தில் பாடத்தாள் எழுதிப் படியெடுத்தவர், இரண்டு நாள் வராதவர் வீட்டுக்குப் போய், கண்டிக்காமல், "உடம்பு பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தவர், இவர்களும் அந்த 14 பேரில் உண்டு. வகுப்பை விட்டு நின்றவர்களும் உண்டு. வேலை நேரம் மாறியதால் நின்றார்கள், வீட்டில் படுக்கையாய் இருந்தவரைப் பார்த்துக்கொள்ள நின்றார்கள். அவர்களை உங்கள் தோல்வியாக நாங்கள் எண்ணவில்லை. அவர்கள் நோட்டுகள் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்தாவது வாரம், ஓர் அம்மாவின் பெயரை முதல்முறை முழுதாகப் பலகையில் எழுதினீர்கள். நான்கே எழுத்து. அவர் எழுந்து வந்து கிட்டத்தில் நின்று பார்த்தார். "இவ்வளவுதானா என் பேரு?" என்றார். பிறகு விரலால் அதன்மேல் எழுதிப் பார்த்தார், சாக்பீஸ் கலைந்தது. நீங்கள் மறுபடி எழுதினீர்கள். மறுபடி தடவினார். அன்று வேறு பாடம் எதுவும் நடக்கவில்லை என்று அன்றைய பதிவேட்டில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

நாங்கள் எழுதாமல் விட்டது

"அறியாமை இருளை அகற்றினார்", "கண் திறந்து வைத்தார்" போன்ற வரிகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். உங்களிடம் படிக்க வந்தவர்கள் இருட்டில் இருந்தவர்கள் அல்லர். வட்டிக் கணக்கை மனதிலேயே போடுபவர்கள், பேருந்தை எண் தெரியாமல் நிறத்தையும் நேரத்தையும் வைத்துப் பிடித்தவர்கள், மாத்திரையை அட்டையின் நிறம் பார்த்துப் பிரித்து வைத்தவர்கள். எழுத்து மட்டும்தான் அவர்களிடம் இல்லாமல் இருந்தது. "கைநாட்டு" என்பதை வசையாகச் சொல்வதை வகுப்பில் முதல் நாளிலேயே நிறுத்தியதும் நீங்கள்தான். "எழுதவே தெரியாதா" என்று ஒருமுறைகூட யாரையும் கேட்காததற்கு நன்றி.

உங்களைவிட மூத்தவர்களை நீங்கள் அம்மா, ஐயா, அக்கா என்றே அழைத்தீர்கள். அவர்கள் உங்களை டீச்சர் என்றும் சார் என்றும், சில நேரம் தம்பி, கண்ணு என்றும் கூப்பிட்டார்கள். தவறு திருத்தும்போது சிவப்பு மையைத் தொடுவதில்லை என்று நீங்களாகவே முடிவெடுத்ததை நாங்கள் பிறகுதான் கவனித்தோம். அடுத்த அணிக்கான பயிற்சியில் அதைச் சேர்த்துவிட்டோம்.

எதற்குப் பயன்படும்

இது சேவைச் சான்று. வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது தன்னார்வப் பணிக்கான ஆதாரமாக இணைக்கலாம். ஆசிரியர் பயிற்சிச் சான்றாகவோ கல்வித் தகுதியாகவோ இதைக் காட்ட முடியாது. யாராவது சரிபார்க்கக் கேட்டால், வருகைப் பதிவேட்டைப் பார்த்து மையம் எழுத்தில் உறுதி செய்யும். அந்தப் பதிவேடு 5 வருடம் பாதுகாக்கப்படும்.

எதிர்பாராத காரணத்தால் இடையில் விலக நேர்ந்த தன்னார்வலர்களுக்கு, வந்த வகுப்புகளின் எண்ணிக்கையைக் குறித்துத் தனிக் கடிதம் தரப்பட்டிருக்கிறது. அதற்கு இது மாற்றல்ல, இதற்கு அது குறைந்ததும் அல்ல.

உங்கள் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால், ல வர வேண்டிய இடத்தில் ள வந்திருந்தால், அல்லது ஒரு புள்ளி விடுபட்டிருந்தால், இந்தத் தாளில் திருத்தித் தர மாட்டோம். எழுதியவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், அவர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். அலுவலகங்களில் கொடுக்கப் பிழையில்லாத அச்சுப்படி ஒன்று தனியே வைத்திருக்கிறோம், ஒருங்கிணைப்பாளரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.