ஏழாம் அறைக் கண்காணிப்பாளர்களுக்கு: இயற்பியல் தேர்வு, காலை அமர்வு

இந்த அறையில் 24 பேர் எழுதுகிறார்கள். நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு மேசை. உங்களில் ஒருவர் வாசலில், ஒருவர் உள்ளே. 9:30-க்குக் கதவைத் திறக்கிறோம். 9:45-க்கு உரை வாசிக்கிறோம். இடையில் உள்ள பதினைந்து நிமிடங்களைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. அந்த நேரத்தில் கவனிக்காமல் விட்டது பிறகு தேர்வு நடுவில் தலைதூக்கினால், பாதிப்பு எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத்தான்.

கதவைத் திறப்பதற்கு முன்பே அறையை ஒருமுறை சுற்றி வாருங்கள். சுவரில் சூத்திர அட்டவணை, பாடப் படம் ஏதாவது தொங்கினால் கழற்றிவிடுங்கள் அல்லது தாளால் மூடுங்கள். கரும்பலகையைத் துடையுங்கள். மேசையின் மேற்பரப்பையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பழைய பென்சில் கிறுக்கல் இருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள். இல்லையென்றால் அங்கே உட்காரும் பிள்ளை தான் எழுதாததற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். மேசையின் நடுவிலிருந்து அடுத்த மேசையின் நடுவுக்கு 1.25 மீட்டர் இருக்க வேண்டும். நேற்று அளந்து தரையில் சுண்ணக்கட்டியால் குறியிட்டிருக்கிறோம். பெருக்கும்போது மேசைகள் நகர்ந்திருக்கலாம், குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடிகாரம் கடைசி வரிசைக்கும் தெரிகிறதா, சரியான நேரம் காட்டுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நிற்பவர் ஹால் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் சேர்த்து வாங்கிப் பார்க்க வேண்டும். முதலில் முகம், பிறகு பெயர், பிறகு பதிவெண். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். எண்ணில் கண் போய்விட்டால் முகத்தைப் பார்க்க மறந்துவிடுகிறோம். படம் எடுத்து இரண்டு வருடம் ஆகியிருக்கலாம். தாடி வந்திருக்கும், கண்ணாடி வந்திருக்கும், உடம்பு மெலிந்திருக்கும். கண்களையும் காதுகளையும் பாருங்கள், அவை அவ்வளவு மாறுவதில்லை. அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் உள்ளே உட்காரவைத்துவிட்டு எனக்கு ஆள் அனுப்புங்கள். வாசலில் நிறுத்தி எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்க வேண்டாம். முகத்தை மூடி வரும் மாணவியைப் பெண் கண்காணிப்பாளர் பக்கத்து அறையில் தனியாகப் பார்ப்பார்.

உள்ளே இருப்பவருக்கு முதல் வேலை இருக்கை வரைபடம். மேசையில் ஒட்டிய எண்ணும் ஹால் டிக்கெட் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு மேசையாகப் பாருங்கள். யாராவது வரவில்லை என்றால் அந்த மேசை காலியாகவே இருக்கட்டும். பின்னால் இருப்பவரை முன்னுக்கு நகர்த்தக் கூடாது. இந்தத் தேர்வில் அ, ஆ என இரண்டு வினாத்தாள் தொகுப்புகள் மாறி மாறி வருகின்றன. ஒருவரை நகர்த்தினால் ஒரே தொகுப்புக்காரர்கள் அக்கம்பக்கத்தில் வந்துவிடுவார்கள். விடைத்தாள் எந்த இருக்கையில் எழுதப்பட்டது என்பதும் வரைபடத்தோடு ஒத்துப்போகாது.

பேனா, பென்சில், அளவுகோல், கால்குலேட்டர், தண்ணீர் பாட்டில், இவை மட்டும் மேசைமேல். பென்சில் பெட்டி உள்ளே தெரியும்படி இருக்க வேண்டும், பாட்டிலில் ஒட்டிய தாள் இருக்கக் கூடாது. கால்குலேட்டரை மூடியைக் கழற்றிப் பாருங்கள். சிலவற்றின் மூடிக்குள்ளேயே தயாரித்தவர்கள் சூத்திரங்களை அச்சிட்டிருப்பார்கள். பிள்ளைக்கே அது தெரியாமல் இருக்கலாம், மூடியை மட்டும் வாங்கி வைத்தால் போதும். கைக்கடிகாரம் எதுவானாலும் பையில் வைக்கச் சொல்லுங்கள். எது ஸ்மார்ட் வாட்ச், எது சாதாரணம் என்று ஒவ்வொன்றாக ஆராய நேரமில்லை, சுவரில் கடிகாரம் இருக்கிறது.

போன் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். சைலண்டில் போட்டால் போதாது. அலாரத்தை நீக்கி, அணைத்து, பையில் வைத்து, பை தாழ்வாரத்து மேசைக்குப் போக வேண்டும். பிடிபடுகிறவர்களில் பலர் ஏமாற்ற வந்தவர்கள் அல்ல, சட்டைப்பையில் இருந்ததையே மறந்தவர்கள். அதனால்தான் உரையில் ஒருமுறை நிறுத்திக் கேட்கிறோம். அந்த இடைவெளியில் எழுந்து வந்து கொடுப்பவரை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாதீர்கள். முகத்தைச் சுளித்தால்கூட அடுத்தவர் எழ மாட்டார்.

செவித்துணைக் கருவி, இன்சுலின் பம்ப், கூடுதல் நேரம் ஆகியவற்றுக்கு அனுமதி பெற்றவர்களின் பட்டியல் உங்கள் உறையில் இருக்கிறது. கதவைத் திறப்பதற்கு முன் படித்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "காதில் என்ன?" என்று அறை நடுவில் கேட்கும் நிலை வரக் கூடாது.

உரையை அப்படியே வாசியுங்கள். சேர்க்கவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், எல்லா அறைகளிலும் ஒரே சொற்கள்தான். அவசரப்படாமல், கடைசி வரிசைக்குக் கேட்கும் குரலில்.

உரை (9:45)

"அனைவருக்கும் காலை வணக்கம். இந்த நிமிடத்திலிருந்து நீங்கள் தேர்வு விதிகளுக்கு உட்பட்டவர்கள். ஒருவரோடு ஒருவர் பேச வேண்டாம், எதையும் கைமாற்ற வேண்டாம். ஏதாவது தேவை என்றால் கையை உயர்த்துங்கள், நாங்கள் உங்களிடம் வருவோம்.

உங்கள் மேசையில் உள்ள எண்ணையும் ஹால் டிக்கெட்டில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறாக இருந்தால் இப்போதே கையை உயர்த்துங்கள்.

இப்போது உங்கள் சட்டைப்பைகளையும் சட்டைக்கைகளையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். போன், கடிகாரம், இயர்போன், எழுதிய தாள் எதுவாக இருந்தாலும் இப்போது கொண்டுவந்து கொடுக்கலாம். இப்போது கொடுப்பவர்மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. வினாத்தாள் வழங்கிய பிறகு கண்டெடுத்தால், அது அணைத்திருந்தாலும், நாங்கள் அறிக்கை எழுதியே ஆக வேண்டும்."

(ஒரு முழு நிமிடம் காத்திருக்கவும்.)

"நன்றி. இந்த உரை முடிந்ததும் விடைத்தாள் தருகிறோம். முதல் பக்கத்தில் பதிவெண்ணை எண்ணாலும் எழுத்தாலும் நிரப்புங்கள். உங்கள் பெயரை எங்கும் எழுத வேண்டாம். பக்கங்கள் 32 இருக்க வேண்டும். குறைந்தாலோ கிழிந்திருந்தாலோ சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். தவறாக எழுதிவிட்டால் ஒரே கோட்டால் அடித்து மேலே எழுதுங்கள், பதற்றப்பட வேண்டாம்.

10:00 மணிக்கு வினாத்தாள் வரும். அதில் அ அல்லது ஆ என்ற எழுத்து இருக்கும். அதே எழுத்தை விடைத்தாளில் எழுதுங்கள். 10:15 வரை படிக்க மட்டுமே நேரம், அதுவரை பேனாவை எடுக்க வேண்டாம். எழுதும் நேரம் 10:15 முதல் 1:15 வரை. கூடுதல் நேரம் பெற்றவர்களுக்கு முடியும் நேரத்தை அவரவர் மேசையில் எழுதி வைத்திருக்கிறோம்.

10:45-க்குப் பிறகு யாரும் உள்ளே வர முடியாது. 11:15-க்கு முன் யாரும் தேர்வை முடித்து வெளியேற முடியாது. கழிப்பறைக்குச் செல்ல வேண்டுமானால் கையை உயர்த்துங்கள், ஒருவர் உடன் வருவார். உடம்புக்கு முடியவில்லை என்றால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள்.

வினாவின் பொருளை எங்களால் விளக்க முடியாது. அச்சுப் பிழை என்று தோன்றினால் சொல்லுங்கள், நாங்கள் மேலே கேட்டு எல்லா அறைகளுக்கும் ஒரே நேரத்தில் அறிவிப்போம்.

கூடுதல் தாள் வாங்கினால் அதிலும் பதிவெண்ணை எழுதி, விடைத்தாளோடு சேர்த்துக் கட்டுங்கள். 1:05-க்கு எச்சரிக்கை மணி அடிக்கும். 1:15-க்கு இறுதி மணி அடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தாள்களை எண்ணி வாங்கி முடிக்கும்வரை இடத்திலேயே இருங்கள்.

கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் இப்போது கேட்கலாம்."

(கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடித்ததும் விடைத்தாள் வழங்கவும். 10:15-க்குக் கடிகாரத்தைப் பார்த்து:)

"மணி 10:15. எழுதத் தொடங்கலாம்."