மாதக் கடைசியும் பில் போட்டோவும்

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார். கணக்கு எழுதுகிறவன் மைக்கைப் பிடித்தால் வரியைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று அது இல்லை. நீங்கள் எனக்கு அனுப்பும் பில் போட்டோக்களைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். இதில் கொஞ்சம் என் சுயநலமும் இருக்கிறது, ஒளிக்கவில்லை.

ஒரு கொள்முதல் பில்லிலிருந்து நான் எடுப்பது ஐந்தே விஷயம்: யார் கொடுத்தது, என்ன தேதி, பில் நம்பர், வரி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு. போட்டோ நேராக, முழுசாக இருந்தால் ஒரு பில் ஒரு நிமிடத்துக்குள் ஏறிவிடும். அடுத்ததும் அதே மாதிரி இருந்தால் கண் தானாகவே மேலே போய் நம்பரைப் பார்க்கும், கீழே இறங்கி மொத்தத்தைப் பார்க்கும். கை நிற்காது. நடுவில் ஒன்று படுக்கையாக வரும். அடுத்தது தலைகீழ். அதற்கடுத்தது மேசை முழுக்கத் தெரிய, மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு பில். ஒவ்வொன்றுக்கும் திருப்பு, பெரிதாக்கு, தேடு. போட்டோ அழகாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் போதும்.

ஆனால் நேரத்தை உண்மையில் தின்பது திருப்புவதும் பெரிதாக்குவதும் அல்ல, போன் போடுவது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பில்லில் நம்பர் 1178ஆ 1173ஆ என்று தெரியவில்லை. கடைசி எண்ணின் மேலேயே மடிப்பு விழுந்திருந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டேன். "அண்ணே, பதினாலாம் தேதி பில்லில் கடைசி நம்பர் என்ன?" அவர் வியாபாரத்தில் இருந்தார். "கல்லாவில ஆள் நிக்குது தம்பி, பார்த்துச் சொல்றேன்" என்றார். மறுநாள் கூப்பிட்டபோது நான் வேறு கடைக் கணக்கில் இருந்தேன். அவர் எந்தப் பில்லைச் சொல்கிறார் என்று எனக்கு மறந்துவிட்டது. நான் எதைக் கேட்டேன் என்று அவருக்கும் மறந்துவிட்டது. ஒரு எண்ணுக்காக இரண்டு பேர், இரண்டு நாள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதத்துக்கு 240 பில் வரும் கடை. அதில் நாலில் ஒன்று இப்படிச் சிக்கல் என்றால் 60 பில். ஒவ்வொன்றுக்கும் நாலு நிமிடம் கூடுதலாகப் போனால் நாலு மணி நேரம். போனுக்குக் காத்திருப்பதை நான் இதில் சேர்க்கவே இல்லை. அந்த நாலு மணி நேரம் எனக்கு மட்டும் போவதாக நினைக்காதீர்கள். பாதி உங்கள் கடையில், பழைய பில் கட்டைக் கிளறுவதில் போகிறது.

சரி, எப்படி எடுப்பது? இதோ இந்தப் பில்லைப் பாருங்கள். முதலில் மடிப்பை விரலால் நீவிவிடுகிறேன். தட்டையான இடத்தில் வைக்கிறேன். பில் வெள்ளையாக இருப்பதால் அடியில் கொஞ்சம் கருமையான அட்டை. செல்போனை நேர் மேலே பிடிக்கிறேன், சாய்வாக இல்லை. நாலு மூலையும் தெரிகிறதா? என் நிழல் பில் மேல் விழுகிறது, பாருங்கள். விளக்குக்கு முதுகைக் காட்டி நிற்பதால் வரும் வினை இது. ஒரு அடி நகர்ந்தால் போய்விடும். பிளாஷ் வேண்டாம், வழுவழுப்பான தாளில் அது வெள்ளைத் திட்டாக விழும், பெரும்பாலும் மொத்தத்தின் மேலேயே விழும். எடுத்ததும் ஒருமுறை பெரிதாக்கி, நம்பரும் மொத்தமும் படிக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். அவ்வளவுதான். இந்த அட்டையைக் கடையில் ஒரே இடத்தில் ஒட்டி வையுங்கள். யார் எடுத்தாலும் அங்கேதான் எடுக்க வேண்டும். ஆளுக்கு ஆள் பாடம் நடத்துவதைவிட இது சுலபம்.

ஒரு போட்டோவில் ஒரு பில். நாலு பில்லைப் பரப்பி வைத்து ஒரே போட்டோவாக எடுத்தால் உங்களுக்கு அரை நிமிடம் மிச்சம், எனக்கு நாலும் தெளிவில்லை. இரண்டு பக்கம் உள்ள பில் என்றால் இரண்டையும் அடுத்தடுத்து எடுங்கள். மொத்தம் பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கும்.

எப்போது எடுப்பது என்பது இன்னும் முக்கியம். சரக்கைச் சரிபார்த்ததும், பில் கம்பியில் ஏறும் முன் எடுங்கள். அந்தக் கம்பி ஓட்டை எத்தனை பில் நம்பரைத் தின்றிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். அப்புறம் மெஷினில் வரும் அந்த வழுவழுப்பான பில். அதில் மையே கிடையாது. தாளின் பூச்சு சூடு பட்டுக் கறுப்பதுதான் எழுத்தாகத் தெரிகிறது. அதனால் வெயில், சூடு, எண்ணெய்க் கை, பிளாஸ்டிக் உறை எல்லாமே அதற்கு எதிரி. பத்திரம் என்று பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தவர்கள் சில மாதம் கழித்து வெள்ளைத் தாளை எடுத்து வந்து காட்டியிருக்கிறார்கள். வந்த அன்றே எடுத்த போட்டோ மங்காது.

எடுத்த பிறகு பில்லின் மூலையில் பேனாவால் ஒரு டிக். எடுப்பதற்கு முன்னால் அல்ல, எடுத்த பிறகு. டிக் இருந்தால் போட்டோ இருக்கிறது என்று அர்த்தம். இது இல்லாத கடையில் காலையில் மகன் எடுத்த பில்லை மாலையில் அப்பாவும் எடுத்து அனுப்புவார். ஒன்று தெளிவு, ஒன்று மங்கல், ஒரே பில் என்று பார்த்ததும் தெரியாது. இரண்டும் ஏறிவிடும். மாதக் கடைசியில் சரக்கு கொடுத்தவர் சொல்லும் பாக்கியும் நம் பேரேட்டுப் பாக்கியும் ஒத்துப்போகாது. அந்த ஒரு பில்லைக் கண்டுபிடிக்க அரை நாள்.

அனுப்புவது பற்றி இரண்டு வார்த்தை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டோ அனுப்பினால் அது சுருங்கிவிடும், பொடி எழுத்து கரைந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்தபடியே வரும். வாரத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள், 30ஆம் தேதி இரவு மொத்தமாக வேண்டாம். பெயர் மாற்றி வைக்கிற பொறுமை இருந்தால் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் வையுங்கள், 2025-03-14 மாதிரி. நாள் எண்ணை முதலில் போட்டால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதியும் ஒன்றாகப் போய் நிற்கும். பொறுமை இல்லையா, விடுங்கள், மாதத்துக்கு ஒரு ஆல்பம் போதும். அதை நான் வற்புறுத்துவதில்லை.

சரக்கைத் திருப்பி அனுப்பியதற்கு வரும் சீட்டையும் இதே போல எடுங்கள். அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். இன்னொன்று: போட்டோ எடுத்தாகிவிட்டது என்று பில்லைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். காகிதம் வேண்டும் என்று கேட்கிற நாள் வரும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். அதற்கு முன்னால், சட்டைப் பையில் இன்றைய பில் வைத்திருக்கிறவர் யாராவது ஒருவர் முன்னால் வாருங்கள். மடிந்திருந்தாலும் பரவாயில்லை, இந்த அட்டை மேலேயே எடுத்துப் பார்த்துவிடலாம்.