ரப்பர் தேனை ரப்பர் தேன் என்றே எழுதுவோம்

எல்லோருக்கும் வணக்கம். என் பெயரையும் ஊரையும் அக்கா ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள், அதனால் அதை விட்டுவிடுகிறேன். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்பதுதான் இன்றைய ஏற்பாடு. மேடையில் ஏழு நாற்காலி போட்டிருக்கிறார்கள். மூன்று காலியாகக் கிடக்கிறது. அதில் உட்கார வேண்டிய மூன்று பேரும் நேற்று ராத்திரி லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போய்விட்டார்கள். டிசம்பர் கடைசியில் தேன்காரனைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் இப்படித்தான் ஆகும். அவர்களுடைய நேரத்தையும் என்னையே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், ஆக எட்டு நிமிடம். தாண்டினால் மணியை அடித்துவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் நான் யார் என்பது. அருமனைப் பக்கம் எங்கள் வீடு. அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் ரப்பர் வெட்டப் போவார், பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்த பிறகு தேன்பெட்டி. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. மூலமாக கிராமப் புனரமைப்பு மையம் நடத்தியது இங்கே பலருக்கும் தெரியும். மரப்பொந்தில் இருக்கிற ஈயைப் பெட்டியில் வைத்து வளர்க்கும் பழக்கம் நம் வீடுகளுக்கு வந்தது அந்த வழியாகத்தான். என் தாத்தா காலத்தில் அது எங்கள் வீட்டுக்கும் வந்தது. அப்பாவிடம் அறுபது பெட்டி இருந்தது. எல்லாம் இந்தியத் தேனீ, நியூட்டன் பெட்டி.

1991-இல் நான் பள்ளிக்கூடத்துப் பையன். ஒருநாள் காலையில் பெட்டி வாசலில் வெள்ளையாக ஏதோ சிதறிக் கிடந்தது. அரிசி கொட்டியிருக்கிறது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் செத்த புழுக்கள். ஈக்கள் ஒவ்வொன்றாக உள்ளேயிருந்து இழுத்துக்கொண்டு வந்து வெளியே போட்டுக்கொண்டிருந்தன. புழுவைக் குச்சியால் தூக்கினால் ஒரு சின்னப் பையில் தண்ணீர் கட்டின மாதிரி தொங்கும். தாய் சாக்புரூட் என்கிற வைரஸ் நோய்; இந்தத் தாய் தாய்லாந்து, பெற்ற தாய் இல்லை. தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீயில் பெரும்பகுதியை அது கொண்டுபோனது. எங்கள் வீட்டில் அறுபதில் நான்கு மிஞ்சியது. காலிப் பெட்டிகளை அம்மா ஒரு மழைக்காலம் முழுக்க விறகாக எரித்தார்கள். மெழுகு ஒட்டிய பலகை நன்றாக எரியும், வாசமாகவும் இருக்கும். அந்த வாசம் எனக்கு இன்றைக்கும் பிடிப்பதில்லை.

அந்த நான்கைப் பிரித்துப் பிரித்து வளர்த்து இன்று இருநூற்றி இருபது பெட்டி வைத்திருக்கிறேன். என் பின்னணி அவ்வளவுதான். பட்டம் ஒன்றும் கிடையாது. எனக்கு அடுத்து பேசப்போகிறவரிடம் அது இருக்கிறது.

இனி என் நிலைப்பாடு. நாம் விற்கும் தேனில் பெரும்பகுதி ரப்பர் தேன். பாட்டிலில் மட்டும் நாம் அப்படி எழுதுவதில்லை. மலைத்தேன் என்கிறோம், காட்டுப்பூத்தேன் என்கிறோம், ஒரு பாட்டிலில் குறிஞ்சிப்பூ படம்கூடப் பார்த்தேன். இதை நிறுத்த வேண்டும். ரப்பர் தேன் என்று பெரிய எழுத்தில் போட்டு விற்க வேண்டும்.

இங்கே சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. ரப்பர் என்று எழுதினால் டயர் ஞாபகம் வரும், எவன் வாங்குவான் என்று கேட்பீர்கள். சரி, தொழில் தெரியாதவர்களும் வந்திருக்கிறார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ரப்பர் தேன் ரப்பர் பாலில் இருந்து வருவதில்லை, ரப்பர் பூவில் இருந்தும் வருவதில்லை. டிசம்பர், ஜனவரியில் மரம் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்கும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் வரும். ஒரு காம்பில் மூன்று இலை. மூன்றும் சேருகிற இடத்தில் கடுகு மாதிரி சின்னச் சின்னச் சுரப்பி இருக்கும். தளிர் செம்பு மாறிப் பச்சை பிடிக்கிற நாட்களில் அங்கே தேன் ஊறும். காலையில் இலையைப் பறித்து அந்த இடத்தை நாக்கால் தொட்டுப் பாருங்கள், இனிக்கும். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும். ஒரு தோட்டத்தில் ஒரு மாதம்போல இது நடக்கும். அந்த ஒரு மாதம்தான் நம் வருடம். இங்கே தளிர் வருவதும் கேரளாவில் வருவதும் ஒரே நாளில் இல்லை என்பதால்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தளிர் பின்னாலேயே ஓடுகிறோம். அதையும் ராத்திரியில்தான் செய்ய முடியும். அந்திக்கு எல்லா ஈயும் கூடு அடைந்த பிறகு வாசலை வலை வைத்து அடைத்துத்தான் ஏற்ற வேண்டும். அந்த மூன்று நாற்காலி காலியாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

திற்பரப்பு அருவிக்குப் போகிற வழியில் இரண்டு வருடம் சின்னதாகக் கடை போட்டிருந்தேன். முதல் வருடம் நானும் மலைத்தேன் என்றுதான் எழுதி வைத்தேன். மதுரையில் இருந்து வந்த ஒருவர் ஐந்து கிலோ வாங்கிப் போனார். மூன்று மாதம் கழித்துப் போனில் கூப்பிட்டுத் திட்டினார், ‘பாட்டில் அடியில் சீனி உறைந்து நிற்கிறது, என்னை ஏமாற்றிவிட்டாய்’ என்று. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், அது அதன் குணம். ஆனால் மலைத்தேன் என்று பொய் சொல்லிவிட்டு, ரப்பர் தேன் உறையத்தான் செய்யும் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வேன்? பணத்தைத் திருப்பி அனுப்பினேன். மறு வருடம் போர்டை மாற்றினேன். ரப்பர் தேன், மூன்று நான்கு மாதத்தில் உறையும், கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகும் என்று எழுதி, பக்கத்தில் ஒரு தளிர்க் கொத்தும் கட்டி வைத்தேன். விற்பனை முதல் வருடத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் ஒரு பாட்டில்கூடத் திரும்பி வரவில்லை. நின்று இலையை நக்கிப் பார்த்தவர்களில் வாங்காமல் போனவர் குறைவு.

வடக்கே கடுகுத் தேன் நெய் மாதிரி உறைந்துதான் இருக்கும், கடுகுத் தேன் என்றே விற்கிறார்கள். பீகாரில் லிச்சித் தேன் என்று சொல்லித்தான் நல்ல விலை வாங்குகிறார்கள். நமக்கு மட்டும் ரப்பரைச் சொல்ல ஏன் வெட்கம் என்று எனக்குப் புரியவில்லை. குலசேகரம், திருவட்டாறு, கடையால் என்று பாதி வீட்டில் அடுப்பு எரிவது ரப்பரால்தானே.

2020-இல் டெல்லியில் இருக்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேனைச் சோதித்தபோது எல்லாச் சோதனையிலும் தேறியது மூன்றுதான். அன்றிலிருந்து தேன் பாட்டிலை யாரும் சந்தேகப்படாமல் வாங்குவதில்லை. 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஆனால் குறியீடு ஊர்ப் பெயரைத்தான் காக்கும்; பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று, இலைக்காம்பில் ஊறும் தேனில் மகரந்தம் கிடையாது. வேறு பூவுக்கும் போய்வந்த ஈ கொண்டுவருவதுதான் அதில் இருக்கும். பூத்தேன் என்று எழுதிவிட்டு அதைச் சோதனைக்கு அனுப்பினால், நல்ல தேனே திருட்டுத் தேன் மாதிரி நிற்கும்.

சோதனை பற்றிப் பேச ஆரம்பித்தால் நம் பக்கத்து அழுக்கையும் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனி, ஆடியில் மழை பிடித்துக்கொண்டால் ஈக்குத் தீனி இல்லை. சீனிப்பாகு வைத்துத்தான் கூட்டத்தைக் காப்பாற்றுகிறோம். அதில் தப்பில்லை. ஆனால் சீசன் தொடங்கித் தேன் அறையை மேலே வைத்த பிறகும் பாகு வைப்பவர்கள் இருக்கிறார்கள். நானே இருபது வயதில் ஒரு சீசன் செய்திருக்கிறேன். அந்த வருடம் பெட்டிக்கு இரண்டு கிலோ கூடுதலாகக் கிடைத்தது. அப்பா விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, டின்னை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தார். மழைக்காலத்தில் அதையே கரைத்து ஈக்கு ஊற்றினார்.

தோட்டக்காரர்களும் இங்கே இருப்பதால் கடைசியாக ஒன்று. ஈயால் ரப்பர் பால் ஒரு துளியும் கூடாது, தெரியும். நாங்கள் உங்கள் தோட்டத்தில் பெட்டி வைப்பது உங்கள் தயவில்தான். அதற்குச் சீசன் முடிந்து நான் தருவது இரண்டு பாட்டில் தேன். அது போதாது என்று நீங்கள் சொன்னால் பேசுவோம், நான் தயார். ஆனால் தளிரில் சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் அடிக்கிற அன்று, முந்தின சாயங்காலமே ஒரு போன் போடுங்கள். போன சீசனில் ஒரு தோட்டத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் போனபோது மஞ்சள் தூளுக்குள் ஈ ஊர்ந்துகொண்டிருந்தது. அதோடு மாசியில் காலம் தப்பி மழையும் பெய்து தளிரைக் கழுவிவிட்டது. நல்ல வருடம் பெட்டிக்குப் பத்து கிலோ எடுக்கிறவன், ஆறுகூட எடுக்கவில்லை.

மணி அடிக்கும் முன் முடித்துவிடுகிறேன். மேஜையில் மூன்று பாட்டில் வைத்திருக்கிறேன். இடது ஓரத்தில் உறைந்து நிற்பது போன மார்ச்சில் எடுத்தது, நடுவில் இருப்பது அதையே வெந்நீரில் வைத்து இளக்கியது, மூன்றாவது முருங்கைப்பூத் தேன் என்று கடையில் வாங்கியது. அதில் முருங்கை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியையும் மகரந்தக் கணக்கையும் பக்கத்தில் இருக்கும் விவசாயக் கல்லூரி சாரிடம் விடுகிறேன். ஸ்பூன் அட்டைப்பெட்டியில் இருக்கிறது, இடைவேளையில் வந்து ருசி பாருங்கள். நன்றி.