திட்ட அறிக்கை எண் 27: மதிப்பெண்ணை ஒருமுறை மறுபடி பார்க்கக் கோரி

மே 14

மதிப்பிற்குரிய தேர்வாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக ஃபிளை ஆஷ் சேர்த்தால் கான்கிரீட்டின் அழுத்த வலிமை எப்படி மாறுகிறது என்ற அறிக்கையை எழுதிய இறுதியாண்டு சிவில் மாணவி நான். அறிக்கைக்கு 61 மதிப்பெண் வந்திருக்கிறது. நேற்று துறை அலுவலகத்தில் திருத்திய பிரதியைக் கேட்டு வாங்கி, ஓரத்தில் நீங்கள் எழுதியிருந்த குறிப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தேன். பல குறிப்புகள் நியாயமானவை. மூன்று இடங்களில் மட்டும் அறிக்கையில் இருப்பதும் குறிப்பில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது, அவற்றைப் பக்க எண்ணோடு சொல்லத்தான் இந்தக் கடிதம். என் வழிகாட்டிப் பேராசிரியர் இதைப் படித்துவிட்டார், துறை அலுவலகம் வழியாகவே அனுப்புகிறேன்.

முதலில் சின்ன விஷயம். அட்டைப் பக்கத்தில் ஐந்து பிரிவுகளுக்கும் நீங்கள் போட்டிருப்பவை 12, 17, 16, 8, 11. கூட்டினால் 64 வருகிறது, கீழே 61 என்று இருக்கிறது. நான்கைந்து முறை கூட்டிப் பார்த்தேன், தோழியிடமும் கொடுத்துக் கூட்டச் சொன்னேன். கட்டுக்கட்டாகத் தாள் திருத்தும்போது இப்படி ஆவது சகஜம்தான், இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். 24-ஆம் பக்கத்தில், அட்டவணை 5-இல், 30 சதவீத ஃபிளை ஆஷ் கலவையின் 56 நாள் வலிமை 30.4 மெகாபாஸ்கல் என்று கொடுத்திருக்கிறேன். அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் "68.4? கணக்கு தவறு" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த 68.4 எங்கிருந்து வந்தது என்று முதலில் எனக்குப் பிடிபடவே இல்லை, ராத்திரி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புரிந்தது. அந்த மூன்று க்யூப்களும் உடைந்த சுமை 680, 691, 681 கிலோ நியூட்டன், சராசரி 684. இதை எந்தப் பரப்பால் வகுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்:

```
684000 / (150 × 150) = 30.4
684000 / (100 × 100) = 68.4
```

நீங்கள் 100 மி.மீ க்யூப் என்று எடுத்துக் கணக்கிட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் வார்த்தது 150 மி.மீ க்யூப், 17-ஆம் பக்கத்தின் இரண்டாவது பத்தியில் அது இருக்கிறது. ஆனால் ஐயா, இந்தக் குழப்பத்துக்கு விதை போட்டதே நான்தான். 21-ஆம் பக்கத்தில் அச்சுகளின் படத்துக்குக் கீழே "100 மி.மீ அச்சு" என்று இருக்கிறது. முதல் வாரத்தில் ஒத்திகையாக இரண்டு சின்ன க்யூப் வார்த்துப் பார்த்தபோது எழுதிய வரி அது, படத்தை மாற்றிய நான் வரியை மாற்றாமல் விட்டுவிட்டேன். படத்தைப் பார்த்துவிட்டு அட்டவணைக்கு வருகிற யாருக்கும் உங்களுக்கு வந்த சந்தேகம்தான் வரும்.

எந்த அளவு உண்மை என்று என் வார்த்தையை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை. பின்னிணைப்பு 2-இல், 38, 39-ஆம் பக்கங்களில், உடைப்பதற்கு முன் ஒவ்வொரு க்யூபையும் எடை போட்டு எழுதியிருக்கிறேன். எல்லாமே 7.9 முதல் 8.2 கிலோவுக்குள் இருக்கின்றன. கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,400 கிலோ என்று வைத்துக்கொண்டால் 150 மி.மீ க்யூப் 8.1 கிலோ வரும், 100 மி.மீ க்யூப் 2.4 கிலோதான் வரும். தொட்டியிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட முப்பத்தாறு க்யூபைத் தூக்கி இயந்திரத்தில் வைத்த என் தோளுக்கும் இது நன்றாகவே தெரியும், ஆனால் அதை ஆதாரமாகக் காட்ட முடியாதே. இன்னொன்று, நீர்–பைண்டர் விகிதம் 0.50 உள்ள சாதாரணக் கலவை இது. இதிலிருந்து 68 மெகாபாஸ்கல் வந்திருந்தால் நானே முதலில் இயந்திரத்தைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

அட்டவணையில் மற்ற எண்களும் இதே பரப்பால் வகுத்தவைதான், அதனால் ஒன்று சரியாக இருந்தால் எல்லாம் சரி. முடிவுகள் பிரிவில் 30-க்கு 16 கிடைத்ததற்கு இந்தக் குறிப்பு எவ்வளவு காரணம் என்று எனக்குத் தெரியாது, அந்தப் பிரிவில் எண்ணைப் பற்றி வேறு குறிப்பு எதுவும் இல்லை என்பதால் கேட்கிறேன்.

இதை ஒட்டியே இன்னொரு குறிப்பு, முறையியல் பகுதியில், "ஒவ்வொன்றுக்கும் ஒரே க்யூப்?" என்று. இல்லை ஐயா, மூன்று. 0, 10, 20, 30 சதவீதம் என நான்கு கலவை, 7, 28, 56 நாள் என மூன்று வயது, ஒவ்வொன்றுக்கும் மூன்று க்யூப், மொத்தம் 36. 19-ஆம் பக்கத்தில் ஒரு வரியாகச் சொல்லியிருக்கிறேன், 36 அளவீடுகளும் தனித்தனியாகப் பின்னிணைப்பில் உள்ளன. அட்டவணைத் தலைப்பில் "மூன்றின் சராசரி" என்று போட்டிருக்க வேண்டும், போடவில்லை. அதற்குக் குறைப்பது சரி, க்யூப் போதவில்லை என்பதற்காகக் குறைத்திருந்தால் மட்டும் மறுபடி பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது, முடிவுரையில் "முரண்" என்ற ஒற்றைச் சொல். 30 சதவீதக் கலவை 7 நாளில் கட்டுப்பாட்டுக் கலவையைவிட மிகவும் பின்தங்குகிறது, பிறகு எப்படி அதைப் பரிந்துரைக்கிறாய் என்பது உங்கள் கேள்வி என்று புரிந்துகொள்கிறேன். பின்தங்குவது உண்மைதான். 7 நாளில் 19.6-க்கு எதிராக 13.2, அதாவது 67 சதவீதம்தான். 28 நாளில் 29.1-க்கு 25.3, 87 சதவீதம். 56 நாளில் 31.3-க்கு 30.4, 97 சதவீதம். இடைவெளி வயதோடு சுருங்கிக்கொண்டே போகிறது என்பதுதான் 29-ஆம் பக்க வரைபடம் காட்டுவதும், என் அறிக்கை முழுக்கச் சொல்ல வந்ததும். சிமெண்ட் நீரோடு வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு வெளிவருகிறது, ஃபிளை ஆஷில் உள்ள சிலிக்கா அதோடு மெதுவாக வினைபுரிந்து கூடுதல் பிணைப்பை உண்டாக்குகிறது. இரண்டாவது வினை முதலாவது வினைக்குக் காத்திருக்க வேண்டியிருப்பதால், ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டால்தான் பின்னால் வலிமை ஏறும். 7 நாள் எண்ணை மட்டும் பார்த்தால் ஃபிளை ஆஷ் எப்போதும் தோற்கத்தான் செய்யும்.

பரிந்துரையும் மொட்டையாக இல்லை. 33-ஆம் பக்கத்தில் எழுதியிருப்பது இதுதான்: "அச்சுப் பலகையைச் சீக்கிரம் பிரிக்க வேண்டிய வேலைகளுக்கு 30 சதவீதம் ஏற்றதல்ல; 56 நாள் வரை முழுச் சுமை வராத, க்யூரிங் ஒழுங்காக நடக்கக்கூடிய வேலைகளுக்கு ஏற்றது." முதல் பாதி 33-ஆம் பக்கத்தின் கடைசி வரியில் முடிந்து, இரண்டாம் பாதி 34-இல் தொடங்குகிறது. பக்கம் திருப்பும் இடத்தில் வாக்கியம் அறுந்தது வாசிப்பவருக்குத் தொந்தரவுதான்.

நியாயமான குறிப்புகள் என்று சொன்னேனே, அவற்றையும் சொல்லிவிடுகிறேன். திட்ட விலக்கம் கணக்கிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள், ஆமாம், செய்திருக்க வேண்டும், மூன்று மூன்று அளவீடு கையில் இருந்தும் சராசரியோடு நின்றுவிட்டேன். மேற்கோள் குறிப்புகள் ஒரே முறையில் இல்லை என்பதும் சரி. முந்தைய ஆய்வுகளை அடுக்கிவிட்டாய், ஒப்பிடவில்லை என்றீர்கள். படித்தபோது கொஞ்சம் வலித்தது, ஆனால் திரும்பப் படித்தால் அப்படித்தான் இருக்கிறது. இந்தப் பிரிவுகளின் 12-ஐயும் 11-ஐயும் நான் கேள்வி கேட்கவில்லை.

எல்லா எண்களையும் நேற்று மறுபடி போட்டுப் பார்த்ததில் நீங்கள் கவனிக்காத பிழை ஒன்றும் கண்ணில் பட்டது. 10 சதவீதக் கலவையின் 28 நாள் வலிமை அட்டவணையில் 28.9 என்று இருக்கிறது. பின்னிணைப்பில் உள்ள சுமைகள் 634, 646, 637, சராசரி 639, வகுத்தால் 28.4. வரைபடத்தில் 28.4 என்றே புள்ளி வைத்திருக்கிறேன், தட்டச்சில் தவறிவிட்டது. முடிவு இதனால் மாறவில்லை என்றாலும், என் பக்கத்துக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துச் சொல்வது சரியல்ல என்பதால் இதையும் எழுதுகிறேன். இதற்குக் குறைத்தால் குறைத்துக்கொள்ளுங்கள் ஐயா.

இவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்று கேட்பது என் வேலை இல்லை. கூட்டலைச் சரிபார்த்து, 17, 19, 24, 33, 34-ஆம் பக்கங்களையும் பின்னிணைப்பு 2-ஐயும் சேர்த்து வைத்து ஒருமுறை பார்த்தால் போதும். பார்த்த பிறகும் அதே மதிப்பெண்தான் என்றால், எங்கே போதவில்லை என்று இரண்டு வரி எழுதினீர்களானால் எனக்கு மேற்படிப்பில் உதவும். மதிப்பெண் பட்டியல் 20-ஆம் தேதி மேலே போகிறது என்று அலுவலகத்தில் சொன்னார்கள், அதற்குள் முடிந்தால் நல்லது.

மேலே சொன்ன பக்கங்களின் நகலையும், ஆய்வகப் பதிவேட்டில் சுமையும் எடையும் கையால் எழுதிய நான்கு பக்கங்களின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பதிவேட்டின் மூலப்பிரதி ஆய்வக உதவியாளரிடம் இருக்கிறது, அதில் ஒவ்வொரு நாளும் அவர் கையெழுத்தும் உண்டு. நேரில் வந்து விளக்க வேண்டும் என்றால் எந்த நேரம் சொன்னாலும் வருகிறேன்.

நன்றியுடன்,
தங்கள் உண்மையுள்ள மாணவி,
இறுதியாண்டு சிவில் பொறியியல், திட்ட அறிக்கை எண் 27

நகல்: வழிகாட்டிப் பேராசிரியர், துறைத் தலைவர்