நாற்பத்தொரு பூச்சியங்கள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, கடலூரில் எங்கள் தெருவில் முதலில் மின்சாரம் போனது. விடிவதற்குள் கைப்பேசிச் சிக்னலும் போனது. முந்தைய நாள்தான் பத்தாம் வகுப்புக்கு இருபடிச் சமன்பாட்டில் பத்துக் கணக்குகள் கொடுத்து, ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் படமெடுத்து அனுப்பும்படி சொல்லியிருந்தேன். அவற்றைச் சேகரித்து, அனுப்பாதவர்களுக்குப் பூச்சியம் இட்டு, பெற்றோருக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பும் நிரலை நானே எழுதி, வெளியூரில் உள்ள ஒரு வாடகைச் சர்வரில் ஓடவிட்டிருந்தேன்.

அங்கே மழையும் இல்லை, மின்வெட்டும் இல்லை. குறித்த நேரத்தில் நிரல் எழுந்து, வெறுமையாக இருந்த கோப்புறையைப் பார்த்துவிட்டுத் தன் வேலையை முடித்தது. டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகிக் கரையோர ஊர்களுக்குள் புகுந்ததால், பலர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். சிக்னல் திரும்பிய மாலையில், தேங்கிக் கிடந்த செய்திகள் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தன. என் கைப்பேசியில் நிரலின் அறிக்கை இருந்தது:

```
submitted: 0 / 41
marks saved: 41
sms sent: 41
```

சிறிது நேரத்தில் கண்டக்காட்டிலிருந்து ஒரு தந்தை அழைத்தார்.

"டீச்சர், பாப்பா வீட்டுப்பாடம் அனுப்பலன்னு மெசேஜ் வந்துருக்கு. நாங்க நாலு நாளா முகாம்ல இருக்கோம் டீச்சர். அது எழுதித்தான் வெச்சிருக்கு, கோவிச்சுக்காதீங்க."

சமையலுக்கும் துணிமணிக்கும் வழி தெரியாமல் இருந்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. "மன்னிப்பு நான்தாங்க கேக்கணும். அந்த மெசேஜ் தப்பு" என்றேன். மற்ற நாற்பது வீடுகளுக்கும் அன்றிரவே ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னேன். ஏழு எண்கள் மறுநாள்தான் கிடைத்தன.

நிரல் எண்ணியதில் பிழையில்லை, கோப்புறை உண்மையிலேயே காலியாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளை அனுப்பவில்லை என்றால் அது அந்தப் பிள்ளையைப் பற்றிய செய்தி. நாற்பத்தொரு பேரும் சேர்ந்தாற்போல் அனுப்பவில்லை என்றால் அது ஊரைப் பற்றிய செய்தி. வகுப்பில் நேரில் நின்றிருந்தால் நொடியில் எனக்குப் புரிந்திருக்கக்கூடிய இந்த வேறுபாட்டை நான் நிரலில் எழுதியிருக்கவில்லை. பூச்சியங்களை அழித்துவிட்டு இதைச் சேர்த்தேன்:

```python
if len(files) < total / 2:
    hold_and_ask_teacher()
```

குறுஞ்செய்தி அனுப்பும் வரியை முழுவதுமாக நீக்கிவிட்டேன். பெற்றோரிடம் பேசுவது இனி என் வேலை.

பள்ளி திறந்த அன்று அந்தச் சிறுமி பாலித்தீன் பையில் சுற்றிய நோட்டை நீட்டினாள். ஓரங்கள் உப்பியிருந்தன, ஆறாம் கணக்கின் மேல் மை நீலமாகப் படர்ந்திருந்தது. அவளை அருகில் உட்காரவைத்து அங்கேயே திருத்தினேன். எட்டாவது கணக்கில் x² + 3x − 28 = 0 என்பதற்கு மூலங்கள் 4, 7 என்று எழுதியிருந்தாள். குறியைச் சுழித்துக் காட்டியதும், "மைனஸ் ஏழு டீச்சர்" என்றாள். பத்துக்கு ஒன்பது இட்டேன்.