அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துவிடும்மா

தங்கச்சி, வீட்டில் எல்லாரும் சுகமா? சித்தியின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லையா?

தேர்த் திருவிழாப் படங்களை ராத்திரிதான் பேஸ்புக்கில் பார்த்தேன். மழை விட்ட பிறகு தேர் லயத்துப் பக்கம் திரும்பும்போது எடுத்திருக்கிறாயே, பின்னால் தேயிலை மலை முழுக்கப் பனிமூட்டமாக, அது அவ்வளவு அழகு. அம்மாவுக்கும் காட்டினேன்.

அப்புறம், ஒரு சின்ன விஷயம். அன்னதானப் பந்தியில் என்னை எடுத்த படம் இருக்கிறதே, அதை மட்டும் எடுத்துவிட முடியுமா? வாய் நிறையச் சோறு, ஒரு கண் மூடி, மழையில் நனைந்த தலைமுடி நெற்றியில் ஒட்டி, தாடையில் பருப்பு வேறு! நீ விளையாட்டாகத்தான் போட்டிருப்பாய், எனக்குத் தெரியும். நானும் முதலில் சிரித்தேன். ஆனால் என் பெயரை டேக் செய்திருப்பதால் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் வரை பார்த்துவிட்டார்கள். இன்று காலை அட்டன் பஸ்ஸில் ஒரு அம்மா, "டீச்சர், சாப்பாடு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்து 2 மாதம்தானே ஆகிறது, கூச்சமாகிவிட்டது.

முழுப் பதிவையும் அழித்துவிடாதே. அந்தப் படத்தை மட்டும் திறந்து, மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் அழிக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருந்தால் இருக்கட்டும், மாமா எப்படியும் சேமித்து வைத்திருப்பார்.

கோபமெல்லாம் இல்லை, சரியா? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, ரொட்டியும் கட்டச் சம்பலும் செய்கிறேன். போனை மட்டும் பையில் வைத்துவிட்டுச் சாப்பிடு.